ட்ரெண்ட் ஆகும் விஷயத்துக்கு அவசரமாக கரோசல் போடும்போது எதை முதலில் சரிபார்ப்பது?

கேள்வி: “குழந்தைகள் கிளினிக் ஒன்றின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஏதாவது ட்ரெண்ட் ஆனால் டாக்டர் உடனே ஒரு கரோசல் போடச் சொல்கிறார். வேகமாகவும் போட வேண்டும், தகவலும் தப்பக் கூடாது, படிக்கிற பெற்றோர் பயந்துவிடவும் கூடாது. எந்த வரிசையில் வேலை செய்வது?”

பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. உங்கள் துறையிலேயே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 2025 அக்டோபரில் ஓடிய ஓ.ஆர்.எஸ் விவகாரம். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகளாக ஒரு விஷயத்துக்காகப் போராடி வந்தார். சர்க்கரை நிறைந்த பானங்கள் தங்கள் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்’ என்று போட்டுக்கொண்டு மருந்துக் கடைகளில் விற்கப்படுகின்றன, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு அம்மாக்கள் அதை வாங்கிக் கொடுக்கிறார்கள் என்பதுதான் அவர் வாதம். அக்டோபர் 14 அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, அப்படிப் பெயர் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அவர் கண்ணீரோடு பேசிய வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. அதைத் தொடர்ந்து ஆளாளுக்குக் கரோசல் போட ஆரம்பித்தார்கள். அவற்றில் கணிசமானவற்றின் முதல் ஸ்லைடில் ஒரே தவறுதான் இருந்தது: “ஓ.ஆர்.எஸ்-க்குத் தடை!”

ஒரு குழந்தைகள் கிளினிக் அந்த வரியைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் நிஜமான ஓ.ஆர்.எஸ் பாக்கெட் வைத்திருக்கும் அம்மா அதைத் தூக்கிக் குப்பையில் போடுவார். அடுத்த முறை குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும்போது கொடுக்க வேண்டிய ஒன்றைக் கொடுக்காமல் விடுவார். உத்தரவு வந்ததே நிஜ ஓ.ஆர்.எஸ்-ஐக் காப்பாற்றத்தான். தலைப்பு அதைத் தலைகீழாக்கிவிட்டது.

அதனால் டிசைன் ஆப்பைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய முதல் வேலை, ஜனங்கள் என்ன புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது. ட்ரெண்ட் ஆன வீடியோவின் கீழே கமென்ட்களைப் பதினைந்து நிமிடம் படித்தால் போதும். செய்தி எது, பெற்றோரின் கேள்வி எது என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும். செய்தி என்பது எந்த நிறுவனம், எந்த உத்தரவு, யார் ஜெயித்தார்கள் என்பது. பெற்றோர் கேட்டது வேறு. “அப்போ ஓ.ஆர்.எஸ்-ஏ கொடுக்கக் கூடாதா?”, “நான் போன மாசம் வாங்கிக் கொடுத்தது எந்த வகை?” இந்த இரண்டுதான். கிளினிக்கின் கரோசல் இந்த இரண்டுக்கும் பதில் சொன்னால் போதும். செய்தியைச் சொல்லச் சேனல்கள் இருக்கின்றன.

அடுத்தது மூல ஆவணம். fssai.gov.in தளத்தில் உத்தரவுகள் பிடிஎஃப் ஆகவே கிடைக்கும். செய்தித் தலைப்பை நம்பாமல் அதைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: தேதி, எதைச் செய்யக் கூடாது என்கிறது, எந்தப் பழைய உத்தரவைத் திரும்பப் பெறுகிறது. இந்த உத்தரவில் மூன்றாவது விஷயம்தான் பல குழப்பங்களைத் தீர்த்தது. 2022 ஜூலை 14 அன்றும் 2024 பிப்ரவரி 2 அன்றும் வந்த முந்தைய உத்தரவுகள், “இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ் கலவை அல்ல” என்ற அறிவிப்போடு அந்தச் சொல்லைப் பெயரில் வைத்துக்கொள்ள அனுமதித்திருந்தன. அந்த அனுமதியைத்தான் இப்போது விலக்கிக்கொண்டார்கள். அதாவது உத்தரவு பேசியது பெயரையும் லேபிளையும் பற்றி. நிஜ ஓ.ஆர்.எஸ் கலவை அதன் பேச்சிலேயே வரவில்லை. இதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்டால் கரோசலின் முதுகெலும்பு கிடைத்துவிடும்.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். கையில் இருக்கும் தகவல்களை இரண்டு கூறாகப் பிரியுங்கள். இந்த வாரத்துக்குள் மாறக்கூடியது ஒரு பக்கம், மாறாதது இன்னொரு பக்கம். மாறாதது மட்டும்தான் ஸ்லைடுக்குள் போக வேண்டும். மாறக்கூடியது எல்லாம் கேப்ஷனுக்கு. காரணம் சாதாரணமானது. கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். படத்துக்குள் போன எழுத்தைப் போஸ்ட் போட்ட பிறகு திருத்த முடியாது. அதற்குள் அது ஸ்கிரீன்ஷாட்டாக வாட்ஸ்அப் குடும்பக் குழுக்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த விவகாரத்தில் அந்தப் பிரிவினை எவ்வளவு சீக்கிரம் வேலைக்கு ஆனது பாருங்கள். அக்டோபர் 15 அன்று ஆணையம் ஒரு விளக்கம் கொடுத்தது. அக்டோபர் 17 அன்றே, ஒரு நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்கால நிவாரணம் வாங்கியது. மாதக் கடைசியில் நிலைமை மறுபடி ஆணையத்தின் பக்கம் திரும்பியது. “இனி இவை கடைகளில் கிடைக்காது” என்று 15-ஆம் தேதி ஸ்லைடில் எழுதியவர்களின் வரி இரண்டே நாளில் பொய்யானது. “ஓ.ஆர்.எஸ் என்பது இந்த அளவுகளில் கலந்த உப்பு-சர்க்கரைக் கரைசல்” என்று எழுதியவர்களின் வரி அப்படியே நின்றது. நீதிமன்றம் என்ன சொன்னாலும் குடல் வேலை செய்யும் விதம் மாறப்போவதில்லை.

சரி, மாறாத தகவலிலும் தப்பு வரும். எண்களில்தான் அதிகமாக வரும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்கும். கூட்டினால் 20.5 கிராம். இந்தக் கூட்டலை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். இணையத்தில் சுற்றும் அட்டவணைகளில் பல, 2002-க்கு முந்தைய பழைய கலவையைச் சேர்ந்தவை. அதில் குளுக்கோஸ் 20 கிராம், சோடியமும் அதிகம். ஏதோ ஒரு படத்திலிருந்து பாதி எண்களை எடுத்து, வேறொன்றிலிருந்து மீதியை எடுத்தால் கூட்டுத்தொகை 20.5 வராது. அங்கேயே பிடிபட்டுவிடும். இன்னொரு பொறி ‘75’ என்ற எண். அது லிட்டருக்கு 75 மில்லிமோல் குளுக்கோஸ். அதை 75 கிராம் என்று எழுதிவிட்டால், ஓ.ஆர்.எஸ்-ஏ சர்க்கரைப் பாகு என்று ஆகிவிடும்.

அப்புறம் ஒப்பீடு. “அந்தப் பானத்தில் பத்து மடங்கு சர்க்கரை” என்று யாரோ எழுதியதை எடுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு தயாரிப்பிலும் அளவு வேறு. அதைவிட, பெற்றோர் தாங்களே பார்த்துக்கொள்ளும் வழியைக் காட்டுவது நல்லது. லேபிளில் 100 மில்லிக்கு எவ்வளவு சர்க்கரை என்று போட்டிருக்கும். அதைப் பத்தால் பெருக்கினால் ஒரு லிட்டருக்கு வந்துவிடும். ஒரு உதாரணத்துக்கு, 100 மில்லிக்கு 10.8 கிராம் என்று இருந்தால் லிட்டருக்கு 108 கிராம். ஓ.ஆர்.எஸ்-இல் இருக்கும் 13.5 கிராமோடு ஒப்பிட்டால் எட்டு மடங்கு. இதில் கவனிக்க வேண்டியது, சில லேபிள்களில் எண் ‘ஒரு முறை பரிமாறும் அளவுக்கு’ என்று இருக்கும். அது 200 மில்லி பெட்டியாக இருந்தால் பத்தால் பெருக்கக் கூடாது, ஐந்தால் பெருக்க வேண்டும். இந்த ஒரு குறிப்பு ஸ்லைடில் இல்லையென்றால் கணக்குப் போட்டுப் பார்க்கும் அப்பா தப்பான விடைக்கு வருவார், உங்களிடமே வந்து சண்டையும் போடுவார்.

ஏன் கூடுதல் சர்க்கரை கெடுதல் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சரியான அளவு குளுக்கோஸ் குடலில் உப்பையும், உப்போடு தண்ணீரையும் உள்ளே இழுக்க உதவுகிறது. சர்க்கரை அளவுக்கு மீறினால் உடம்பிலிருந்து குடலுக்குள் தண்ணீர் இறங்கும், வயிற்றுப்போக்கு கூடும். இதற்கு மேல் வேதியியல் வேண்டாம்.

இன்னொரு வரி இருக்கிறது, எல்லோரும் யோசிக்காமல் எழுதுவது: “ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்குங்கள்.” நம் ஊர் மருந்துக் கடைகளில் ஒரு லிட்டருக்கான பாக்கெட்டும் இருக்கிறது, ஒரு டம்ளர் அளவுக்கான சின்னப் பாக்கெட்டும் இருக்கிறது. சின்னதை ஒரு லிட்டரில் கலந்தால் வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். பெரியதை ஒரு டம்ளரில் கலந்தால் குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறும், அது ஆபத்து. அதனால் ஸ்லைடில் எழுத வேண்டியது: “பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கலக்கவும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடவும்.” வீட்டிலேயே உப்பு, சர்க்கரை போட்டுக் கலக்கும் முறையை அவசரக் கரோசலில் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அரைத் தேக்கரண்டி என்பது வீட்டுக்கு வீடு மாறும். உப்பு கூடினால் பாதிக்கப்படுவது கைக்குழந்தை. நேரில் காட்டிச் சொல்ல வேண்டிய விஷயம் அது.

இவ்வளவும் ஒரு சாதாரண நோட்பேடில், வெறும் எழுத்தாக இருக்கட்டும். டாக்டருக்கு அனுப்புவதும் இந்த எழுத்தைத்தான். டிசைன் செய்த படத்தை அனுப்பினால் அவர் நிறத்தையும் லோகோவையும் பார்த்து “சூப்பர்” என்று போட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போய்விடுவார். “பார்த்துட்டு ஓகேவான்னு சொல்லுங்க டாக்டர்” என்றும் கேட்காதீர்கள். குறிப்பாகக் கேளுங்கள்: “டாக்டர், மூன்றாவது வரியில் இருக்கிற எண் சரியா? நாலாவது வரியைப் படித்துவிட்டு ஒரு அம்மா தப்பாக எதையாவது செய்ய வாய்ப்பு இருக்கிறதா?” இப்படிக் கேட்டால் இரண்டு ஓ.பி.க்கு நடுவில் இருப்பவரும் நின்று யோசித்துப் பதில் சொல்வார்.

தொனிக்கு டாக்டர் சரியான ஆள் அல்ல. கிளினிக்கில் போன் எடுக்கும் நர்ஸ் அக்காவிடம் வாசித்துக் காட்டுங்கள். அம்மாக்கள் ராத்திரி பத்து மணிக்கு எந்தக் குரலில் கேட்கிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். அந்த அக்டோபரில் தொனி இன்னும் நுணுக்கமான விஷயமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. மாதத் தொடக்கத்தில்தான் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்த செய்தி வந்திருந்தது. அந்த மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை சொன்னது. அந்தப் பயம் ஆறுவதற்குள் ஓ.ஆர்.எஸ் செய்தி வந்தது. ஆகவே படிக்கும் பெற்றோரின் மனதில் இரண்டும் ஒன்றாகவே சேர்ந்தன. அந்த நேரத்தில் “உங்கள் குழந்தைக்கு நீங்களே கொடுத்த விஷம்” என்ற மாதிரி ஒரு தலைப்பு, தவறு என்பதோடு நிற்காமல் கொடுமையும் ஆகிவிடும். ஒன்று நச்சு கலந்த மருந்து. இன்னொன்று தப்பான பெயரில் விற்ற இனிப்புப் பானம். இரண்டையும் ஒரே கரோசலில் சேர்த்துப் பேசினாலே பொய் வந்துவிடும்.

தொனியைச் சரிபார்க்க நான் வைத்திருக்கும் வழி, ஒவ்வொரு வரியிலும் யார் குற்றவாளியாகத் தெரிகிறார்கள் என்று பார்ப்பது. “லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள்” என்ற வரியில் குற்றம் அம்மாவின் தலையில் விழுகிறது. “பெயரில் ஓ.ஆர்.எஸ் என்று இருந்ததால் நம்பி வாங்கியிருப்பீர்கள். இனி பாக்கெட்டில் இதைப் பாருங்கள்” என்றால் தகவல் அதேதான், ஆனால் அம்மா தொடர்ந்து படிப்பார். ஆச்சரியக்குறி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சிவப்புப் பின்னணியும் வேண்டாம். ட்ரெண்டில் இருக்கும் பாட்டையும் சேர்க்க வேண்டாம். நிறுவனத்தின் பெட்டிப் படத்தைப் போடுவதையும் தவிருங்கள். வழக்கு வரும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒரு பெட்டியின் படத்தைப் பார்க்கும் அம்மா, தான் வாங்கியது வேறு நிறத்தில் இருந்தால் அது நல்லது என்று நினைத்துக்கொள்வார்.

இப்போது ஸ்லைடுகள். இன்ஸ்டாகிராம் இருபது வரை அனுமதிக்கிறது. ஐந்து போதும். அளவு 1080-க்கு 1350. ஒவ்வொரு ஸ்லைடும் தனியாகக் கிழித்து எடுத்தாலும் உண்மையாக நிற்க வேண்டும், ஏனென்றால் தனியாகத்தான் அது பயணிக்கும். முதல் ஸ்லைடைப் பார்த்துவிட்டு நகர்ந்தவருக்கு இன்ஸ்டாகிராம் பிறகு இரண்டாவதைக் காட்டுவதும் உண்டு. அதனால் “முதல் ஸ்லைடில் பயமுறுத்தி, மூன்றாவதில் சமாதானம்” என்ற உத்தி இங்கே வேலைக்கு ஆகாது.

முதல் ஸ்லைடு இப்படி: “வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். சர்ச்சை, அந்தப் பெயரில் விற்கும் சில இனிப்புப் பானங்களைப் பற்றியது.” ‘தடை’ என்ற சொல்லே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். “ஓ.ஆர்.எஸ்-க்குத் தடை இல்லை” என்று எழுதலாமே என்று தோன்றும். வேகமாக நகர்த்துகிறவர் கண்ணில் ‘ஓ.ஆர்.எஸ்’, ‘தடை’ இரண்டும்தான் படும், ‘இல்லை’ படாது. அதோடு இந்த வரி 14-ஆம் தேதியும் உண்மை, நீதிமன்றம் தலையிட்ட 17-ஆம் தேதியும் உண்மை.

இரண்டாவதில், நிஜ ஓ.ஆர்.எஸ்-ஐ அடையாளம் காணும் வழி: உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்ற குறிப்பு, நான்கு பொருட்களின் பெயர், லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். மூன்றாவதில், சர்க்கரைக் கணக்கு. நான்காவதில், கலக்கும் முறையும் கொடுக்கும் முறையும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் என்றால் 100 முதல் 200 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. ஐந்தாவதில், எப்போது காத்திருக்கக் கூடாது: குழந்தை துவண்டு கிடந்தால், கண் குழிந்திருந்தால், குடிக்கவே முடியாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், பல மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், அருகில் இருக்கும் மருத்துவமனைக்கு உடனே போங்கள். ‘அருகில் இருக்கும் மருத்துவமனை’ என்றே எழுதுங்கள். அந்த ஸ்லைடில் கிளினிக்கின் பெயரையும் போன் நம்பரையும் பெரிதாகப் போட்டால், மேலே சொன்ன நான்கும் விளம்பரமாகிவிடும். நம்பர் உங்கள் ப்ரொஃபைலில் இருக்கிறது, வேண்டியவர் எடுத்துக்கொள்வார்.

தமிழில் செய்யும்போது ஒரு சின்னத் தொல்லை. டிசைன் ஆப்கள் நீளமான தமிழ்ச் சொல்லை வரி முடிவில் கண்ட இடத்தில் உடைக்கும், சில எழுத்துருக்களில் புள்ளியே தெரியாது. ‘கொடுக்கலாம்’ என்பது ‘கொடுக்க’ என்று ஒரு வரியிலும் ‘லாம்’ என்று அடுத்த வரியிலும் போகாதபடி, நீங்களே வரியை உடைத்துவிடுங்கள். முடித்ததும் படத்தை உங்கள் போனுக்கு அனுப்பி, கையை நீட்டி வைத்துப் படித்துப் பாருங்கள்.

கேப்ஷன் தேதியோடு தொடங்கட்டும்: “2025 அக்டோபர் 15 மாலை நிலவரம்.” பிறகு உத்தரவு என்ன சொல்கிறது, யார் இதற்காகப் போராடினார் என்று இரண்டு மூன்று வரிகள். 17-ஆம் தேதி நீதிமன்றச் செய்தி வந்தால், பழைய வரியை அழிக்காமல் மேலே புதிய தேதியோடு ஒரு வரி சேருங்கள்: “டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு நிறுவனத்துக்கு இடைக்கால நிவாரணம் கொடுத்திருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு எதைக் கொடுப்பது என்பதில் மாற்றம் இல்லை.” அதையே ஒரு கமென்டாகப் போட்டு மேலே பின் செய்துவிடுங்கள், ஒரு ஸ்டோரியும் போடுங்கள்.

ஸ்லைடிலேயே தவறு இருப்பது தெரிந்தால் எந்த ஸ்லைடு என்பதைப் பொறுத்தது. நடுவில் ஒன்று என்றால் அதை மட்டும் நீக்கிவிட்டு, எதை ஏன் நீக்கினோம் என்று கேப்ஷனில் சொல்லலாம். முதல் ஸ்லைடிலோ, அளவு சொல்லும் ஸ்லைடிலோ தவறு என்றால் முழுப் போஸ்டையும் ஆர்க்கைவ் செய்துவிட்டு, சரியான அளவைத் தனிப் போஸ்டாகப் போடுங்கள். அதில் முந்தைய எண் தவறு என்று வெளிப்படையாக எழுதுங்கள், ஏனென்றால் பழைய ஸ்கிரீன்ஷாட் இன்னும் யாரோ ஒருவர் போனில் இருக்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, கமென்ட் படிப்பதிலிருந்து போஸ்ட் போடுவது வரை இவ்வளவுக்கும் ஒரு மதியம் போதும். அதில் டிசைனுக்குப் போகும் நேரம் கால்வாசிகூட இருக்காது. மாலைக்குள் மூல ஆவணம் கைக்கு வரவில்லை, அல்லது டாக்டர் எழுத்தைப் படிக்கவில்லை என்றால் அன்று கரோசல் வேண்டாம். அதற்குப் பதில் ஸ்டோரியில் ஒரே வரி போடுங்கள்: “குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்று சந்தேகம் இருந்தால் பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்.” வரும் படங்களைப் பார்த்தால் அம்மாக்கள் எந்த இடத்தில் குழம்புகிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மறுநாள் போடும் கரோசலின் இரண்டாவது ஸ்லைடை அதை வைத்தே எழுதலாம்.